ஒன்றரைக் கோடியைத் தாண்டிய நாள்

ஒரு நாளைக்குச் சராசரியாக நாற்பத்தோராயிரம் ரூபாய்க்கு வியாபாரம் செய்யும் கடை, வருடம் முழுக்கத் திறந்திருந்தால் ஒன்றரைக் கோடி ரூபாயைத் தொட்டுவிடும். தாலுகா தலைநகரம் ஒன்றின் கடைவீதியில், அப்பாவும் மகனும் கல்லாவில் மாறி மாறி உட்கார, அம்மா பொட்டலம் கட்டித் தரும் மளிகைக் கடைக்கு இது பெரிய தொகையே இல்லை. அரிசியும் எண்ணெயும் விற்கிற விலையில், கூட்டம் அதிகம் இல்லாத கடைகூட அந்த எண்ணுக்கு வந்துவிடுகிறது. ஆனால் ஜிஎஸ்டியில் அந்த எண் ஒரு கோடு. அதைத் தாண்டினால், சிறு வியாபாரிகளுக்கான எளிய வரித் திட்டமான ‘காம்பசிஷன்’ அந்தக் கடைக்கு முடிந்துபோகிறது. யாரும் வந்து சொல்வதில்லை. சட்டம் தானாகவே முடித்துவிடுகிறது, அதுவும் தாண்டிய அதே நாளில்.

காம்பசிஷன் என்பது என்ன என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். முந்தைய நிதியாண்டில் மொத்த விற்பனை ஒன்றரைக் கோடிக்கு மேல் போகாத வியாபாரி இதில் சேரலாம். சில சிறப்புப் பிரிவு மாநிலங்களில் மட்டும் இந்த வரம்பு 75 லட்சம். சரக்கு வாங்கி விற்பவர், வரிக்கு உட்பட்ட சரக்கின் விற்பனையில் நூற்றுக்கு ஒரு ரூபாய் கட்டினால் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை CMP-08 படிவம், வருடத்துக்கு ஒருமுறை GSTR-4, அவ்வளவுதான் வேலை. பதிலுக்கு மூன்று கட்டுப்பாடுகள் உண்டு. வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக ஒரு பைசா வாங்கக்கூடாது. வெளிமாநிலத்துக்கு விற்கக்கூடாது. கொள்முதலில் கட்டிய வரியை, வியாபாரிகள் பேச்சில் சொன்னால் ‘இன்புட்’டை, திரும்ப எடுக்கக்கூடாது. பெயர்ப்பலகையில் காம்பசிஷன் வரியாளர் என்று எழுதி வைக்க வேண்டும் என்றும் ஒரு விதி இருக்கிறது. அதை எழுதாத கடைகளே அதிகம்.

பெரும்பாலான கடைகள் தடுக்கி விழுவது கோட்டைத் தாண்டியதால் இல்லை. எதைக் கூட்டினால் ஒன்றரைக் கோடி என்று தெரியாததால். வரி கட்டுவதற்கு ஒரு கூட்டல், வரம்பு பார்ப்பதற்கு வேறொரு கூட்டல் என்று சட்டம் வைத்திருக்கிறது. ஒரு சதவீதம் கட்டும்போது வரி உள்ள சரக்கை மட்டும் பார்க்கிறோம். மூட்டையிலிருந்து அளந்து விற்கும் அரிசி, பருப்பு, காய்கறி, முட்டை, பால், உப்பு, தேங்காய் ஆகியவற்றுக்கு வரி கிடையாது என்பதால் அவற்றுக்கு ஒரு சதவீதமும் கிடையாது. ஆனால் வரம்பைப் பார்க்கும்போது இவையெல்லாம் உள்ளே வந்துவிடுகின்றன. வரி உள்ளதும் இல்லாததும் சேர்த்து, ஒரே பான் எண்ணில் நாடு முழுவதும் நடக்கும் எல்லா விற்பனையும்தான் மொத்த விற்பனை.

ஒரே பான் என்பதில் குடும்பக் கடைகளுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. அப்பா பெயரில் மளிகைக் கடை. அதே பெயரில் பஸ் ஸ்டாண்டு அருகே மகன் பார்த்துக்கொள்ளும் சின்ன பாத்திரக் கடை. இரண்டுக்கும் கல்லா வேறு, கணக்கு நோட்டு வேறு. ஆனால் பான் ஒன்று, ஆகவே விற்பனையும் ஒன்று. அப்பாவுக்கு மாடியில் ஒரு கட்டடம் இருந்து வாடகை வந்தால் அந்த வாடகையும் கூட்டலில் சேரும். வங்கி வைப்புக்கும் கொடுத்த கடனுக்கும் வருகிற வட்டியை மட்டும் காம்பசிஷன் வரம்புக்குச் சேர்க்க வேண்டாம்.

இனி ஒரு கடையைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். எண்கள் கற்பனை; விகிதங்கள் 2025 செப்டம்பர் 22 முதல் நடப்பில் இருப்பவை.

அண்ணாச்சி ஒருவரின் மளிகைக் கடை. மாதம் சுமார் 14 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் விற்பனை. அதில் ஆறு பங்கு வரி உள்ள சரக்கு, நான்கு பங்கு வரி இல்லாத சரக்கு. ஏப்ரலில் தொடங்கி ஜனவரி முடியும்போது மொத்த விற்பனை ஒரு கோடியே 44 லட்சம். பிப்ரவரியில் பன்னிரண்டாம் தேதி அது ஒன்றரைக் கோடியைத் தாண்டுகிறது. அன்று அண்ணாச்சியிடம் யாராவது கேட்டிருந்தால், “நமக்கு இன்னும் அறுபது லட்சம் இடம் இருக்கு தம்பி” என்றிருப்பார். அவர் மனதில் இருப்பது வரி கட்டிய விற்பனை, அதாவது 90 லட்சம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆடிட்டர் அலுவலகத்துப் பையன் கேட்பதும் அந்த எண்ணைத்தான்.

பன்னிரண்டாம் தேதியிலிருந்து அவர் சாதாரண ஜிஎஸ்டி வியாபாரி. அன்றிலிருந்து விற்கும் வரி உள்ள சரக்குக்கு அதனதன் விகிதத்தில் வரி. எண்ணெய், சர்க்கரை, டீத்தூள், பிஸ்கட், குளியல் சோப்பு, பற்பசை ஆகியவற்றுக்கு 5 சதவீதம். துணி துவைக்கும் பவுடர், பாத்திரம் தேய்க்கும் திரவம் போன்றவற்றுக்கு 18 சதவீதம். மார்ச் 31 வரை உள்ள 48 நாளில் 24 லட்சம் ரூபாய்க்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வரி உள்ளது 14 லட்சத்து 40 ஆயிரம். அதில் 12 லட்சம் 5 சதவீதச் சரக்கு, மீதி 18 சதவீதச் சரக்கு. எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்க முடியாது என்பதால் வரி விலைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அப்படிப் பிரித்தெடுத்தால் அரசுக்குச் சேர வேண்டிய வரி 93,753 ரூபாய்.

கேட்டதும் நெஞ்சு அடைக்கும். ஒரு சதவீதமாக இருந்திருந்தால் 14,400 ரூபாயில் முடிந்திருக்குமே!

ஆனால் இப்போது அவர் சாதாரண வியாபாரி. டிஸ்ட்ரிபியூட்டர் பில்லில் கட்டிய வரியை இன்புட்டாக எடுக்கலாம். மளிகையில் பத்து சதவீத லாபம் என்று வைத்தால், 14 லட்சத்து 40 ஆயிரத்துக்கு விற்ற சரக்கை 12 லட்சத்து 96 ஆயிரத்துக்கு வாங்கியிருப்பார். அந்தக் கொள்முதல் விலைக்குள் இருந்த வரி 84,378 ரூபாய். அதைக் கழித்தால் கையிலிருந்து கட்ட வேண்டியது 9,375 ரூபாய். ஒரு சதவீதத்தைவிடக் குறைவு.

வியாபாரிகள் பலர் இதை நம்ப மறுக்கிறார்கள். காம்பசிஷனை விட்டு வெளியே வந்தால் வரி கொன்றுவிடும் என்ற பயம் அப்படி ஊறியிருக்கிறது. லாப விகிதம் குறைவாக, எல்லாச் சரக்கையும் பில்லோடு வாங்கும் கடைக்கு அந்தப் பயம் தேவையில்லை. பில் இல்லாமல் கொள்முதல் செய்யும் கடைக்கும், லாப விகிதம் அதிகமுள்ள கடைக்கும் கதை வேறு. அறுபது ரூபாய்க்கு வாங்கி நூறு ரூபாய்க்கு விற்கும் ஃபேன்சி கடையில், சரக்குக்கு 18 சதவீதம் என்றால், ஒரு ரூபாய் இருந்த இடத்தில் ஆறு ரூபாய் போகும். அவர்கள் விலையைத் திருத்தியாக வேண்டும். மளிகைக் கடைக்கோ வரி சுமையில்லை, வேலைதான் சுமை.

அந்த வேலைகளுக்குத் தேதி உண்டு. தாண்டிய நாளிலிருந்து ஏழு நாளுக்குள் ஜிஎஸ்டி தளத்தில் CMP-04 தாக்கல் செய்ய வேண்டும். Services, அதற்குள் Registration, அதற்குள் Application for Withdrawal from Composition Levy என்ற இடத்தில் அது இருக்கிறது. தாண்டிய தேதியையும் காரணத்தையும் கொடுக்க வேண்டும். ஏழு நாள் தவறிவிட்டது என்று சும்மா இருந்துவிடக்கூடாது. தாமதமாகவேனும் போட்டுவிடுவது நல்லது. ஏனென்றால் இங்கே கொடுக்கும் தேதி அந்த நிதியாண்டின் தொடக்கத்துக்கு முன்னால் போக முடியாது. மார்ச் 31 கடந்துவிட்டால் பிப்ரவரி 12 என்ற உண்மையான தேதியை நாமே சொல்லும் வழி அடைபட்டுவிடும்.

அடுத்தது இருப்புக் கணக்கு. தாண்டிய நாளுக்கு முந்தைய நாள், நம் கதையில் பிப்ரவரி 11 இரவு, கடையிலும் குடோனிலும் இருந்த சரக்கில் அடங்கியுள்ள வரியை இன்புட்டாகக் கேட்கலாம். இதற்கான படிவம் ITC-01. முப்பது நாள் கெடு. வரி உள்ள சரக்கு ஐந்து லட்சம் ரூபாய்க்கு இருந்து, அதில் 4 லட்சத்து 20 ஆயிரம் 5 சதவீதச் சரக்கு, 80 ஆயிரம் 18 சதவீதச் சரக்கு என்றால், கிடைக்கும் இன்புட் 32,203 ரூபாய். மேலே கழித்துக் காட்டிய 84 ஆயிரத்தில் இதுவும் ஒரு பகுதி. படிவம் போடாவிட்டால் இந்த 32 ஆயிரம் கைவிட்டுப் போகும். ஒரு வருடத்துக்கு மேல் பழைய பில்லுக்கு இன்புட் இல்லை. கேட்கும் தொகை மொத்தம் இரண்டு லட்சத்தைத் தாண்டினால் மட்டுமே சார்ட்டர்டு அக்கவுன்டன்ட் அல்லது காஸ்ட் அக்கவுன்டன்ட் சான்று தேவை. சாதாரண மளிகைக் கடைக்கு அது தேவைப்படாது. தேவைப்படுவது, எந்தச் சரக்கு எந்த பில்லில் வந்தது என்று சொல்லும் பட்டியல். ஆகவே அன்று இரவு ஷட்டரை இறக்கிவிட்டு மொத்தக் குடும்பமும் உட்கார்ந்து ஸ்டாக் எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பில் புத்தகமும் மாற வேண்டும். அதுவரை கொடுத்தது ‘பில் ஆஃப் சப்ளை’. இனி வரியைக் காட்டும் ‘டாக்ஸ் இன்வாய்ஸ்’. இருபது ரூபாய்க்குச் சீரகம் வாங்குகிறவருக்கெல்லாம் பில் போட வேண்டுமா என்று கேட்பார்கள். ஜிஎஸ்டி பதிவு இல்லாத ஒருவர் இருநூறு ரூபாய்க்குக் குறைவாக வாங்கி, பில்லும் கேட்கவில்லை என்றால் தனியே தர வேண்டியதில்லை. அன்றைய அத்தகைய விற்பனை எல்லாவற்றுக்கும் இரவில் ஒரே பில் போட்டால் போதும். அரிசியும் சோப்பும் சேர்த்து வாங்கும் குடும்பத்துக்கு இரண்டையும் ஒரே பில்லில் காட்டவும் விதி இடம் தருகிறது. காம்பசிஷனில் இருந்த நாட்களுக்கான CMP-08, அந்த வருடத்துக்கான GSTR-4 ஆகியவற்றையும் விட்டுவிடக்கூடாது. பாதியில் வெளியே வந்துவிட்டோம் என்பதால் அந்தக் கடமை தீராது.

இப்போது அண்ணாச்சிக்குத் தெரியாமலே போன கதைக்கு வருவோம். அவர் 90 லட்சம் என்றே நினைத்துக்கொண்டு ஒரு சதவீதம் கட்டி வருகிறார். அந்த வருடத்தின் மொத்த விற்பனை வரம்பைத் தாண்டிவிட்டதால் அடுத்த வருடமும் அவருக்குக் காம்பசிஷன் இல்லை, அதுவும் தெரியாது. அடுத்த வருடம் ஒரு கோடியே 80 லட்சம் விற்கிறார், அதில் வரி உள்ளது ஒரு கோடியே 8 லட்சம். அதற்கும் ஒரு சதவீதமே கட்டுகிறார். இப்படியே இன்னும் ஒரு வருடம் போகிறது. பிறகு ஒரு நாள் நோட்டீஸ் வருகிறது.

துறைக்கு எப்படித் தெரிகிறது? கடைக்குச் சரக்கு தரும் டிஸ்ட்ரிபியூட்டர் ஒவ்வொரு பில்லையும் கடையின் ஜிஎஸ்டி எண்ணோடு தன் கணக்கில் ஏற்றுகிறார். அது அண்ணாச்சியின் பக்கத்தில் GSTR-4A என்ற பட்டியலாகத் தானாக வந்து நிற்கிறது. வாங்கியது இவ்வளவு, விற்றதாகச் சொன்னது அதைவிடக் குறைவு என்றால் கணினியே எடுத்துக் காட்டிவிடும். வருமான வரிக் கணக்கில் சொன்ன விற்பனையும் ஜிஎஸ்டியில் சொன்ன விற்பனையும் ஒத்துப்போகவில்லை என்பது இரண்டாவது வழி. மூன்றாவது, யுபிஐ.

2025 ஜூலையில் கர்நாடகத்தில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். யுபிஐ வழியாக வந்த தொகைகளை வைத்து அந்த மாநில வணிகவரித் துறை பேக்கரி, டீக்கடை, காய்கறிக் கடை என்று ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பெங்களூரில் கடைகள் க்யூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு ரொக்கம் கேட்டன. அவர்களில் பெரும்பாலோர் பதிவே செய்யாதவர்கள் என்பதால் அது வேறு வகைச் சிக்கல். ஆனால் ஒரு பாடம் எல்லாருக்கும் பொது: யுபிஐயில் வந்த தொகை முழுவதும் விற்பனை என்றுதான் முதல் நோட்டீஸ் பார்க்கும். சீட்டுப் பணம், மகள் அனுப்பிய பணம், மச்சினனிடம் வாங்கிய கைமாற்று, எல்லாம் அதே க்யூஆர் வழியாக வந்திருந்தால், எது விற்பனை இல்லை என்று காட்டுவது நம் வேலை. கடைக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கு என்று வங்கியில் பிரித்து வைத்திருப்பவர் இங்கே பாதிக் கிணறு தாண்டியவர்.

வரும் நோட்டீஸ் எல்லாம் ஒரே வகை இல்லை. தலைப்பில் உள்ள எண்ணைப் பார்த்தால் விஷயம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். CMP-05 என்றால், உங்களுக்குக் காம்பசிஷன் தகுதி இல்லை என்று நினைக்கிறோம், காரணம் சொல்லுங்கள் என்று பொருள். பதினைந்து நாளுக்குள் CMP-06 என்ற படிவத்தில் பதில் தர வேண்டும். முடிவு CMP-07 ஆக வரும். அந்த உத்தரவு முன் தேதியிட்டும் இருக்கலாம். ஆனால் வரம்பைத் தாண்டிய நாளுக்கு முன்னால் போகக்கூடாது என்று 2018 டிசம்பர் சுற்றறிக்கையிலேயே மத்திய வரி வாரியம் சொல்லியிருக்கிறது. அதிகாரி ஏப்ரல் 1 என்று போட்டிருந்தால், தாண்டியது பிப்ரவரி 12 என்று நாள்வாரி விற்பனைக் கணக்கோடு காட்டி எதிர்க்கலாம். பத்து மாத வரி அதில் தப்பும். கல்லா நோட்டைப் பழைய பேப்பர்காரருக்குப் போடாமல் வைத்திருப்பதன் பலன் இங்கே தெரியும்.

ASMT-10 என்றால் கணக்கில் வித்தியாசம் தெரிகிறது, விளக்குங்கள் என்ற கேள்வி. இதற்கு ஒழுங்காகப் பதில் சொன்னால் இங்கேயே முடியவும் வாய்ப்பு உண்டு. DRC-01A என்பது முறையான நோட்டீசுக்கு முந்தைய எச்சரிக்கை. DRC-01 வந்துவிட்டால்தான் வரி, வட்டி, அபராதம் என்று தொகை போட்டுக் கேட்கிறார்கள். 2024-25 நிதியாண்டு முதல் இந்த நோட்டீசுகள் 74ஏ என்ற புதிய பிரிவின் கீழ் வருகின்றன. ஆண்டுக் கணக்குக்கான கடைசித் தேதியிலிருந்து 42 மாதம் வரை அனுப்பலாம். அதாவது 2024-25க்கான நோட்டீஸ் 2029 ஜூன் இறுதி வரை வர முடியும்.

அண்ணாச்சிக்கு வந்த தொகையைப் பார்ப்போம். முதல் வருடத்தின் 48 நாளுக்கும் அடுத்த வருடம் முழுவதற்கும் சேர்த்து, விற்பனையின் மேல் நேராக 5, 18 என்று போட்டுப் பெருக்கினால் 8 லட்சத்து 77 ஆயிரத்து 200 ரூபாய் வரும். அதற்கு மேல் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி, அபராதம்.

இதே அண்ணாச்சி உரிய நாளில் வெளியே வந்திருந்தால் இன்புட் போகக் கட்டியிருக்க வேண்டியது, இந்த இரண்டு காலத்துக்கும் சேர்த்து, சுமார் 80 ஆயிரம் ரூபாய்தான். காம்பசிஷனில் அவர் அறியாமல் கட்டியதோ ஒரு லட்சத்து 22 ஆயிரத்து 400. அரசுக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டமில்லை, சொல்லப்போனால் கூடுதலாகவே போயிருக்கிறது. இருந்தும் கேட்பு எட்டே முக்கால் லட்சம். காரணம், இன்புட் எடுக்கும் உரிமைக்கும் கெடு இருக்கிறது. ஒரு நிதியாண்டின் கொள்முதல் பில்லுக்கு, அந்த ஆண்டு முடிந்து வரும் நவம்பர் 30க்குள் இன்புட் எடுத்தாக வேண்டும். நோட்டீஸ் வரும்போது இரண்டு நவம்பரும் போய்விட்டன. அரசு கேட்பதற்கு 42 மாதம், வியாபாரி கேட்பதற்கு எட்டு மாதம் என்ற இந்த ஏற்பாடு நியாயமானது என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் இன்றைய சட்டம் இதுதான்.

இந்தத் தொகையைக் குறைக்க வழியே இல்லையா? சில உண்டு. வரி தனியாக வாங்காமல், வரி உள்பட்ட விலைக்கு விற்றவரிடம், விலைக்குள்ளிருந்து வரியைப் பிரித்தெடுக்க வேண்டும் என்று ஜிஎஸ்டி விதி 35 சொல்கிறது. நூறு ரூபாய்க்கு 18 ரூபாய் என்றில்லாமல், நூறு ரூபாய்க்குள் 15 ரூபாய் 25 காசு. இதைப் பதிலில் எழுதிக் கேட்டாலே கேட்பு 7 லட்சத்து 97 ஆயிரத்துக்கு அருகே இறங்கும். ஏற்கெனவே கட்டிய ஒரு லட்சத்து 22 ஆயிரத்தைக் கழிக்கும்படியும் அதே பதிலில் கேட்க வேண்டும். வரி இல்லாத சரக்கின் விற்பனையை நோட்டீசில் சேர்த்திருக்கிறார்களா என்று முதலிலேயே பார்க்க வேண்டும். பல நோட்டீசுகளில் மொத்தத் தொகைக்கும் வரி போட்டிருப்பார்கள். காம்பசிஷனை ரத்துசெய்து CMP-07 வந்தால், அந்த உத்தரவிலிருந்து முப்பது நாளுக்குள் ITC-01 போடும் வாய்ப்பும் உண்டு. இருப்புச் சரக்குக்கு, ஒரு வருடத்துக்கு உட்பட்ட பில்லுக்கு மட்டுமே அது பயன்படும்.

அபராதத்திலும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. ஏமாற்றும் எண்ணம் இல்லை என்ற நிலையில், நோட்டீஸ் வந்த அறுபது நாளுக்குள் வரியையும் வட்டியையும் DRC-03 வழியாகக் கட்டிவிட்டால் அபராதம் இல்லை. அதைத் தாண்டினால் வரியில் பத்து சதவீதம் அல்லது பத்தாயிரம் ரூபாய், எது அதிகமோ அது. மறைத்தார் என்று நிரூபித்தால் வரிக்குச் சமமான தொகை வரை அபராதம் போகும்.

அந்த ‘மறைத்தார்’ என்ற சொல்லுக்குள் சிலர் தாமாகவே போய் விழுகிறார்கள். வரம்பு நெருங்குகிறது என்றதும் மனைவி பெயரில் புதுப் பதிவு வாங்கி, அதே கல்லாவில் காலையில் ஒரு பில் புத்தகம், மாலையில் இன்னொன்று என்று ஓட்டும் யோசனையைச் சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மனைவிக்குத் தனி இடம், தனி முதல், தனிக் கொள்முதல், தனி வங்கிக் கணக்கு என்று உண்மையிலேயே வேறு கடை இருந்தால் அது அவருடைய வியாபாரம். யாரும் கேட்க முடியாது. ஒரே கடையை இரண்டு பெயரில் காட்டுவது, ஆய்வுக்கு வருகிறவர் கல்லாப்பெட்டியைத் திறந்ததும் தெரிந்துவிடும். தெரியாமல் தாண்டிய அண்ணாச்சிக்குக் கிடைக்கும் அறுபது நாள் சலுகையைக்கூட இவர்கள் இழந்துவிடுகிறார்கள்.

நோட்டீஸ் எங்கே வருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். தபால்காரர் கொண்டுவருவார் என்று காத்திருந்தவர்கள் பலர். ஜிஎஸ்டி தளத்தில் Services, User Services என்ற இடத்தில் View Notices and Orders என்று ஒன்றும், View Additional Notices/Orders என்று இன்னொன்றும் இருக்கின்றன. முக்கியமான நோட்டீசுகள் பல இரண்டாவதில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. அதைப் பார்க்காமல் விட்டு, பதில் இல்லாமலே உத்தரவு வந்து, வங்கிக் கணக்கு முடங்கிய பிறகு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஓடிய வியாபாரிகள் அநேகம். கேட்ட வரியில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லி, வழக்கை மறு விசாரணைக்கு அனுப்பிய தீர்ப்புகளை நீதிமன்றம் தொடர்ந்து வழங்கியிருக்கிறது. எட்டு லட்ச ரூபாய்க் கேட்புக்கு உயர் நீதிமன்றம் வரை போவது எந்த மளிகைக் கடைக்கும் கட்டுப்படியாகாது.

இன்னும் ஒன்று. பதிவு வாங்கிய நாளில் கொடுத்த கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் யாருடையவை? நிறையக் கடைகளுக்கு அது அன்றைக்கு உதவிய கணக்குப் பிள்ளையின் எண். அவர் வேறு ஊருக்குப் போயிருப்பார், எண்ணையும் மாற்றியிருப்பார். துறை அனுப்பும் குறுஞ்செய்தி அவருக்கோ, யாருக்குமோ போய்க்கொண்டிருக்கும். இதை மாற்ற ஒரு மாலை நேரம் போதும்.

பதில் எழுதும்போது நேரில் கேட்க வாய்ப்பு வேண்டுமா என்ற கட்டத்தில் ‘ஆம்’ என்று தவறாமல் குறிக்க வேண்டும். பாதகமான உத்தரவு போடும் முன் நேரில் கேட்க வேண்டும் என்பது சட்டம் தரும் உரிமை. அந்த நாளில் ஆடிட்டரோடு கடைக்காரரும் போவது நல்லது. எந்தச் சரக்கு மூட்டையில் வந்தது, எது பாக்கெட், எதற்கு வரி இல்லை என்று அவரைவிட நன்றாகச் சொல்ல யாராலும் முடியாது. உத்தரவு பாதகமாக வந்தால் மூன்று மாதத்துக்குள், தகராறில் உள்ள வரியில் பத்து சதவீதத்தைக் கட்டி மேல்முறையீடு செய்யலாம்.

இவ்வளவையும் தவிர்க்கத் தேவையானது மாதக் கடைசியில் ஒரு கூட்டல். வரி உள்ளது, இல்லாதது, இரண்டாவது கடை, வாடகை எல்லாம் சேர்த்து ஏப்ரல் முதல் இன்று வரை எவ்வளவு என்று காலண்டரின் பின்பக்கத்தில் எழுதினாலும் சரி. அது ஒரு கோடியே 30 லட்சத்தைத் தொட்டதும் ஆடிட்டரிடம் சொல்லிவிடுங்கள். அவர் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். வெளியே வந்த பிறகு விற்பனை குறைந்து, ஒரு முழு நிதியாண்டின் மொத்தம் மீண்டும் ஒன்றரைக் கோடிக்குள் வந்தால், மார்ச் 31க்குள் CMP-02 போட்டு அடுத்த ஏப்ரலிலிருந்து காம்பசிஷனுக்குத் திரும்பவும் முடியும்.